நகராத வரிசையை பைக்கில் கடப்பது: சட்டம், ஆபத்து, தியரி தேர்வு

நின்றுகொண்டோ ஊர்ந்துகொண்டோ இருக்கும் வாகன வரிசையை, ஓர் இருசக்கர வாகனம் அதன் பக்கவாட்டிலோ இரண்டு வரிசைகளுக்கு நடுவிலோ மெதுவாகக் கடந்து முன்னே செல்வதை பிரிட்டனில் ‘ஃபில்டரிங்’ என்கிறார்கள். வேகமாக ஓடும் கார்களுக்கு நடுவே வளைந்து வளைந்து புகுந்து போவது இதில் சேராது. அமெரிக்காவில் நகரும் கார்களுக்கு இடையே செல்வதை ‘லேன் ஸ்ப்ளிட்டிங்’ என்றும், நிற்கும் கார்களுக்கு இடையே செல்வதை ‘லேன் ஃபில்டரிங்’ என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. அங்கே சில மாநிலங்கள் இரண்டாவதை மட்டும் அனுமதிப்பதால் அந்தப் பிரிவினைக்குச் சட்டப் பொருளும் உண்டு.

இந்த வழிகாட்டி பிரிட்டனின் விதிகளை அடிப்படையாகக் கொண்டது. அங்கே கார் ஓட்டக் கற்பவரும் பைக் ஓட்டக் கற்பவரும் தியரி தேர்வில் இதைப் பற்றிய கேள்விகளைச் சந்திக்கக்கூடும். இருவரும் ஒரே காட்சியை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிரிட்டனில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் இடது, வலதுகள் குழப்பாது.

சட்டம் அனுமதிப்பது எதை?

பிரிட்டனில் ஃபில்டரிங்கைத் தடை செய்யும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. ‘இந்த வேகம் வரை செய்யலாம்’ என்று எண் குறித்து அனுமதி தரும் பிரிவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது ஒரு முந்துதல், அவ்வளவுதான். ஆகவே முந்துதலுக்கு உள்ள எல்லாக் கட்டுப்பாடுகளும் அதற்கும் பொருந்தும். கவனக்குறைவாகச் செய்தால் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி வழக்கு வரலாம்.

சாலை விதிக் கையேடான ‘ஹைவே கோட்’ இதை நேரடியாகவே பேசுகிறது. பைக் ஓட்டுநர்களுக்கான 88ஆம் விதி, மெதுவாக நகரும் வாகனங்களுக்கிடையே ஃபில்டரிங் செய்யும்போது கவனமாக இருக்க வேண்டும், வேகத்தைக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. வரிசைகளுக்கிடையே சாலையைக் கடக்கும் பாதசாரிகள், கிளைச் சாலைகளிலிருந்து வெளிவரும் வாகனங்கள், தடம் மாறும் வாகனங்கள் ஆகியவற்றைக் கவனிக்கும்படியும், முன்னால் இருப்பவரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்கும்படியும் அதே விதி சொல்கிறது. மறுபக்கத்தில், 160ஆம் விதியும் 211ஆம் விதியும், வரிசைக்கிடையே பைக்குகளும் சைக்கிள்களும் வரக்கூடும் என்பதை எதிர்பார்க்கும் பொறுப்பைக் கார் ஓட்டுநர்களிடம் ஒப்படைக்கின்றன. ஒரு செயலைச் செய்பவருக்கும், அது தன் பக்கத்தில் நிகழ்வதைச் சந்திப்பவருக்கும் தனித்தனியே விதி எழுதப்பட்டிருப்பதே, அந்தச் செயல் சாலையில் இயல்பாக நடக்கும் ஒன்றென அரசு ஏற்றுக்கொண்டிருப்பதற்குச் சான்று.

பிற நாடுகளின் நிலை வேறு வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை 1 முதல் இதை அனுமதிக்கிறது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது, முழு உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் நகரும் வாகனங்களுக்கிடையே செல்வதும் 2017 தொடக்கத்திலிருந்து சட்டத்தில் வரையறுக்கப்பட்ட செயலாகிவிட்டது. பிரான்ஸ் பல ஆண்டுகள் சோதனை முறையில் நடத்திப் பார்த்துவிட்டு, 2025இல் இதைப் பொது விதியாக்கியது. அங்கும் நடுவில் தடுப்புள்ள பல தடச் சாலைகளில் மட்டும்தான், உச்ச வேகம் 50 கிலோமீட்டர்தான். ஜெர்மனியில் பொதுவாக அனுமதி இல்லை. இந்தியாவில் இதற்கெனத் தனி அனுமதி விதி கிடையாது; முந்துதலுக்கும் தடம் மாறுதலுக்கும் உரிய பொது விதிகளே பொருந்தும். எல்லோரும் செய்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. எனவே ஒரு நாட்டில் பல ஆண்டுகள் ஓட்டிய பழக்கத்தோடு இன்னொரு நாட்டின் தேர்வுக்குப் போகிறவர்கள் பழக்கத்தை நம்பிப் பதில் எழுதாமல் இருப்பது நல்லது.

ஃபில்டரிங் குற்றமாக மாறும் மூன்று இடங்கள்

முதலாவது, பாதசாரிகள் கடக்கும் இடம். கடவைக்கு இருபுறமும் வளைந்து வளைந்து போடப்பட்டிருக்கும் வெள்ளை ஸிக்ஸாக் கோடுகளுக்குள் வந்துவிட்டால், கடவைக்கு மிக அருகில் இருக்கும் வாகனம் நகர்ந்துகொண்டிருந்தாலும் சரி, பாதசாரிக்கு வழிவிட நின்றிருந்தாலும் சரி, அதை முந்தக் கூடாது. இது அறிவுரை அன்று, சட்டம். காரணம் எளிது: நின்றிருக்கும் கார் ஏன் நிற்கிறது என்பது பின்னாலிருந்து வரும் பைக்குக்குத் தெரியாது, காரின் முன்னால் நடந்துகொண்டிருக்கும் ஆள் காரால் முழுமையாக மறைக்கப்பட்டிருப்பார். ‘வரிசையே நிற்கிறது, நான் மெதுவாகத்தான் போகிறேன்’ என்ற நியாயம் இங்கே செல்லாது.

இரண்டாவது, நடுவில் உள்ள இரட்டை வெள்ளைக் கோடு. உங்கள் பக்கத்துக் கோடு தொடர்கோடாக இருந்தால் அதைத் தாண்டவோ அதன்மீது கால் பரப்பியதுபோல ஓட்டவோ கூடாது. வரிசைக்கும் கோட்டுக்கும் இடையே போதிய இடம் இருந்து, கோட்டைத் தொடாமல் செல்ல முடிந்தால் அது வேறு. நின்றுவிட்ட வாகனத்தைக் கடப்பதற்கு விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் எந்த நொடியிலும் நகரக்கூடிய ஒரு வரிசையை அந்த விலக்கில் அடக்கி வாதாடலாம் என்று நம்பிக் கோட்டைத் தாண்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, சிக்னலில் சைக்கிள்கள் மட்டும் முன்னே வந்து நிற்பதற்காகச் சாலையில் வரையப்பட்டிருக்கும் பெட்டி. வரிசையைக் கடந்து முன்னே வந்து சேரும் பைக் ஓட்டுநருக்கு, நிற்பதற்கென்றே வரைந்து வைத்ததுபோல அந்தப் பெட்டி காட்சியளிக்கும். ஆனால் சிவப்பு விளக்கு எரியும்போது மோட்டார் பைக்கும் முதல் வெள்ளைக் கோட்டிலேயே நின்றாக வேண்டும். தியரி தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது. சைக்கிளையும் பைக்கையும் ‘இருசக்கர வாகனம்’ என்று மனத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பதுதான் அந்தத் தவறுக்குக் காரணம்.

படி 1: புகுவதற்கு முன் முடிவெடுத்தல்

புகலாமா என்பதைவிட முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வெளியே வரப்போகிறேன் என்பது. வரிசைக்குள் நுழைந்த பைக் திடீரென்று முன்னே வழி அடைபட்டு, இரண்டு வாகனங்களுக்கிடையே தங்கிவிடும் நிலைதான் மிகவும் சங்கடமானது. ஒரு பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் அப்படிச் சிக்கும்போது வரிசை நகரத் தொடங்கினால், இரு பக்கமும் சுவர் நகர்வதுபோல இருக்கும். எனவே முன்னே பார்த்து, அடுத்து எந்த இடைவெளியில் திரும்ப வரிசைக்குள் சேரலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் புகுங்கள்; அதை அடைந்தபின் அடுத்ததைத் தேடுங்கள்.

நீண்ட லாரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சந்திப்பை நெருங்கும்போது லாரி வலப்பக்கம் ஒதுங்கி நின்றால், அது வலப்பக்கம் திரும்பப் போகிறது என்று பொருளில்லை. இடப்பக்கம் திரும்புவதற்கு வளைவு எடுத்துக்கொண்டிருக்கலாம். அதன் இடப்பக்கத்தில் தோன்றும் அகலமான இடைவெளி, சில நொடிகளில் இல்லாமல் போகப்போகும் இடைவெளி. நின்றிருந்தாலும் அதற்குள் போகாதீர்கள். வலப்பக்கமாகக் கடக்க வேண்டியிருந்தாலும், ஓட்டுநரின் முகம் அதன் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும்வரை அதன் பக்கவாட்டில் நீடிக்க வேண்டாம். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

படி 2: எந்தக் கோட்டில் ஓட்டுவது

இருவழிச் சாலையில், ஒரு திசைக்கு ஒரே தடம் இருக்கும்போது, பைக் பெரும்பாலும் வரிசையின் வலப்பக்கமாக, நடுக்கோட்டை ஒட்டிச் செல்லும். வரிசையின் இடப்பக்கம், அதாவது நடைபாதைக்கும் கார்களுக்கும் இடைப்பட்ட இடுக்கு, பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றினாலும் மோசமான இடம். பயணிகள் இறங்கும் கதவுகள் அந்தப் பக்கம்தான் திறக்கும். இடப்பக்கம் திரும்பும் கார்கள் அந்தப் பக்கம்தான் வெட்டும். நகர்ந்து தப்பிக்க அங்கே இடமும் இல்லை.

இரண்டு தடங்கள் ஒரே திசையில் செல்லும் சாலையில், அவற்றுக்கு நடுவே செல்வது வழக்கம். அங்கே பெரிய ஆபத்து தடம் மாறும் கார். ஒரு தடம் நகரும்போது மற்றது நின்றால், நின்ற தடத்தில் இருப்பவர் பொறுமை இழந்து நகரும் தடத்துக்குத் தாவுவார். இரு தடங்களும் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் அந்த ஆசை குறைவு. ஆகவே ஒரு தடம் மட்டும் திடீரென்று நகரத் தொடங்கும் கணம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டிய கணம். கார் நகர்வதற்கு முன் அதன் முன்சக்கரம் திரும்பும். இண்டிகேட்டர் போட மறப்பவர்கள் உண்டு, சக்கரத்தைத் திருப்பாமல் தடம் மாற யாராலும் முடியாது. எனவே கண் முன்சக்கரத்திலும், கண்ணாடியைப் பார்க்கத் திரும்பும் ஓட்டுநரின் தலையிலும் இருக்க வேண்டும்.

படி 3: வேகம்

இங்கே இரண்டு வேகங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்: பைக்கின் வேகம் ஒன்று, வரிசையின் வேகத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 6000 பைக் விபத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் வாகனங்களுக்கிடையே சென்றபோது நிகழ்ந்த 997ஐத் தனியே ஆராய்ந்தது. வாகனங்கள் மணிக்கு 50 மைலுக்குள் செல்லும்போது, பைக்கின் வேகம் அவற்றைவிட 15 மைலுக்கு மேல் கூடாமல் இருந்தால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு என்பதே அதன் முடிவு. அந்த 50 மைல் எண்ணை பிரிட்டனுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம். 15 மைல் வித்தியாசம் என்பதை மட்டும் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம். வரிசை முழுவதும் நின்றிருந்தால் அதுவே அதிகம்.

ஏன் அதிகம் என்பதை ஹைவே கோட் தரும் நிறுத்தத் தூரங்களே காட்டும். மணிக்கு 20 மைலில் செல்லும் வாகனம் நிற்க 12 மீட்டர் ஆகும். அதில் 6 மீட்டர் ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கைத் தொடும் முன்பே கடந்துபோய்விடும். அதே விகிதத்தில் கணக்கிட்டால் 15 மைலில் சுமார் 8 மீட்டர், 10 மைலில் சுமார் 4.5 மீட்டர். ஒரு காரின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். அதாவது 20 மைலில் நிற்க மூன்று கார் நீளமும், 15 மைலில் இரண்டு கார் நீளமும், 10 மைலில் ஒரு காரைவிடச் சற்றே கூடுதலும் தேவை. நின்றிருக்கும் வரிசையில் ஒரு கதவு திறந்தால் அது எத்தனை கார் தள்ளித் திறக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

படி 4: வரிசையில் தெரியும் வெற்றிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள். நெருக்கமாக நிற்கும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அகலமான இடைவெளி தெரிந்தால், அது யாரோ ஒருவருக்காக விடப்பட்டது. சோம்பலால் பின்தங்கிய ஓட்டுநர் விட்டதாகவும் இருக்கலாம்தான். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு அதைக் கடப்பது சூதாட்டம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு திசைக்கு ஒரு தடம் கொண்ட சாலை. வேக வரம்பு 30 மைல். நடுவில் விட்டுவிட்டுப் போடப்பட்ட வெள்ளைக் கோடு. சிக்னல் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவரை கார்கள் நிற்கின்றன. பைக் வரிசையின் வலப்பக்கமாக 20 மைலில் வருகிறது. இடப்பக்கம் ஒரு கிளைச் சாலை. அதன் வாயை அடைக்காமல் ஒரு வெள்ளை வேன் நின்று இடம் விட்டிருக்கிறது. கிளைச் சாலையில் ஒரு கார், வரிசையைக் கடந்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறது. வேன் ஓட்டுநர் கையை அசைத்து ‘வாங்க’ என்கிறார்.

இப்போது அந்தக் காருக்குள் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுநரின் கண்ணுக்கும் காரின் முன்முனைக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர். அவருடைய வலப்பக்கத்தை வேன் முழுவதுமாக மறைத்திருக்கிறது. வேனின் வலப்பக்க விளிம்பைத் தாண்டி அவர் கண் வெளியே வரவேண்டும் என்றால், அதற்குள் காரின் மூக்கு அந்த விளிம்பைத் தாண்டி 2 மீட்டர் நீட்டியிருக்கும்; பைக் வந்துகொண்டிருக்கும் கோடும் அதே 2 மீட்டருக்குள்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே வழியை அடைத்தாக வேண்டிய நிலை அவருடையது. அதோடு, அவர் சேரப்போவது எதிர்த்திசைத் தடத்தில். அந்தத் தடத்தில் வாகனங்கள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வரும். எனவே வரிசையைத் தாண்டும் நொடியில் அவர் தலை இடப்பக்கம் திரும்பியிருக்கும். பைக் வருவது வலப்பக்கத்திலிருந்து. அவர் கவனக்குறைவானவர் அல்லர். எந்த ஓட்டுநரும் அந்த இடத்தில் அப்படித்தான் பார்ப்பார்.

பைக்கில் இருப்பவருக்கோ, வேனின் பின்பகுதிக்கு வரும்வரை இடைவெளியின் ஒரு துண்டுதான் தெரியும். வேன் நீளம் 5 அல்லது 6 மீட்டர். காரின் மூக்கு வெளிப்படும்போது பைக் வேனின் பின்முனையில் இருந்தால், மிச்சம் இருக்கும் தூரமும் அந்த 5, 6 மீட்டர்தான். 20 மைலில் அதில் உணர்ந்து முடிப்பதற்கே 6 மீட்டர் போய்விடும். பிரேக் போடாமலேயே மோதல் நடந்துவிடும். 15 மைலிலும் நிற்க முடியாது. 10 மைலில் வந்திருந்தால் நிற்கலாம், அதுவும் விரல் பிரேக்கின் மேல் இருந்தால்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். 40, 50 மீட்டர் தொலைவிலேயே வரிசையின் சீர் குலையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கிளைச் சாலை இருப்பதற்கான அறிகுறிகள் பல: கட்டிட வரிசையில் ஒரு முறிவு, தெருப் பெயர்ப் பலகை, நடைபாதை வளைந்து உள்ளே போவது, சாலையில் மஞ்சள் குறுக்குக் கட்டம். முன்னால் நிற்பவர் ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினாலோ கையை உயர்த்தினாலோ அது உங்களுக்கல்ல, உங்களுக்குத் தெரியாத ஒருவருக்கு. இடைவெளிக்கு முன்னால் உள்ள வாகனத்தின் பின்முனையை அடையும் முன்பே வேகத்தை நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளட்சைப் பாதி பிடித்து, கால் தரையைத் தொடும் நிலையில் இருக்கட்டும். எதிர்த் தடம் காலியாக இருந்தால் மட்டும் சற்று வலப்பக்கம் விலகலாம். ஓரடி விலகினாலும் இடைவெளிக்குள் பார்வை கணிசமாக விரியும். அந்த வாகன ஓட்டுநரின் இருக்கைக்கு நேராக வந்து நின்று, இடைவெளிக்குள் எட்டிப் பார்த்து, அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தபின் கடந்து செல்லுங்கள். தேவையென்றால் ஹார்னைச் சுருக்கமாக ஒருமுறை அடிக்கலாம். அதற்குள் உங்களுக்கு நஷ்டமாவது இரண்டு மூன்று நொடிகள்.

எதிரிலிருந்து வந்து, அதே இடைவெளி வழியாகக் கிளைச் சாலைக்குள் வலப்பக்கம் திரும்பும் காரும் உண்டு. அவருக்கு நடுக்கோட்டில் வரும் பைக் நேராகத் தெரியும், ஆனால் பின்னணியில் நிற்கும் கார்களின் முகப்பு விளக்குகளுக்கு நடுவே ஒற்றை விளக்காகத் தெரியும். வரிசையின் இடப்பக்க இடுக்கில் வரும் சைக்கிளோ பைக்கோ அவருக்குத் தெரியவே தெரியாது. 211ஆம் விதி, நின்றிருக்கும் வரிசைக்குக் குறுக்கே திரும்பும்போது அதன் உட்பக்கமாக வரும் சைக்கிள்களுக்கும் பைக்குகளுக்கும் வழிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்வது இதனால்தான்.

மோதினால் யார் பொறுப்பு?

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதற்கு ஒரே விடை தருவதில்லை. 1966இல் தீர்ப்பான வழக்கு ஒன்று மேலே சொன்ன காட்சியை அப்படியே ஒத்திருக்கிறது: நின்றிருந்த வாகனங்களின் வலப்பக்கமாக பைக் வந்தது, ஒரு பால் டேங்கர் லாரி இடம் விட்டு, கிளைச் சாலைக் காரை அழைத்தது, கார் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தபோது மோதல் நடந்தது. பொறுப்பில் 80 சதவீதம் பைக் ஓட்டுநரின் மேல் சுமத்தப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் கார் ஓட்டுநரையே முழுப் பொறுப்பாளியாக்கியது. அதில் கார் நின்றிருந்த வரிசையிலிருந்து திடீரென்று வெளியே வந்து முழுவட்டமாகத் திரும்பியது. பைக் நேரான சாலையில், பார்க்கக்கூடிய நிலையில், மிக அருகில் வந்துகொண்டிருந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். ஃபில்டரிங் செய்தார் என்பதற்காக மட்டும் இரண்டாவது வழக்கில் பைக் ஓட்டுநர் குற்றம் சுமக்கவில்லை. முதல் வழக்கில் அவருடைய தவறு, இடம் விடப்பட்டிருப்பதைக் கண்டும் அல்லது கண்டிருக்க வேண்டிய நிலையிலும் மெதுவாக்காததுதான். ஆகவே ‘சட்டப்படி நான் செல்லலாம்’ என்பதும் ‘மோதினால் எனக்குப் பொறுப்பில்லை’ என்பதும் இரு வேறு செய்திகள்.

கார் ஓட்டுபவர் செய்ய வேண்டியது

வரிசையில் நிற்கும்போது கதவைத் திறக்கும் முன் கண்ணாடியையும் தோளுக்கு மேலும் பாருங்கள்; கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் கைப்பிடியை இழுத்தால் உடல் தானாகவே பின்னோக்கித் திரும்பும். தடம் மாறும் முன் கண்ணாடி, இண்டிகேட்டர், பிறகு கண்ணாடியில் தெரியாத பகுதியை நோக்கி ஒரு தலைத்திருப்பல். நின்றுவிட்ட வரிசையில் பக்கக் கண்ணாடியைச் சில நொடிகளுக்கு முன் பார்த்தது போதாது. 15 மைலில் வரும் பைக் மூன்று நொடிகளில் ஐந்து கார் நீளத்தைக் கடந்து வந்துவிடும்.

இடம் விட்டு ஒருவரைக் கூப்பிடும் நல்ல மனதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இடம் விடுங்கள், கை காட்டாதீர்கள். நீங்கள் கை காட்டும்போது மறுபக்கம் இருப்பவர் வழி முழுவதும் காலியாக இருக்கிறது என்று புரிந்துகொள்கிறார். உங்களுக்குத் தெரிந்ததோ உங்கள் காருக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும்தான். ஹெட்லைட் மினுக்குவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல மட்டுமே என்று ஹைவே கோட் 110ஆம் விதியில் சொல்கிறது. அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்று அடுத்த விதி சொல்கிறது.

தியரி தேர்வு எதை எதிர்பார்க்கிறது

கார், பைக் இரண்டுக்கும் தேர்வின் அமைப்பு ஒன்றே: 57 நிமிடங்களில் 50 பல்விடைக் கேள்விகள், தேர்ச்சிக்கு 43, அதன் பிறகு ஆபத்தைக் கண்டறியும் காணொளிப் பகுதி, 75க்கு 44. இரண்டிலும் ஒரே அமர்வில் தேறினால்தான் தேர்ச்சி.

பல்விடைப் பகுதியில் ஃபில்டரிங் என்ற சொல் வருவதும் உண்டு, வராமல் அந்தக் கருத்து மட்டும் வருவதும் உண்டு. மெதுவாக நகரும் வரிசையில் இருக்கிறீர்கள், தடம் மாறும் முன் என்ன செய்வீர்கள் என்று கார் தேர்வில் கேட்டால், விடை வரிசைக்கிடையே வரும் பைக்குகளைத் தேடுவது. ஹார்ன் அடிப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் விடைகளல்ல. வரிசையின் குறுக்கே வலப்பக்கம் திரும்பும்போது குறிப்பாக யாரைக் கவனிப்பீர்கள் என்றாலும் அதே ஆட்கள்தான். பைக் தேர்வில் ஃபில்டரிங் செய்யும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ‘வேகத்தைக் குறைவாக வைத்திருத்தல்’ என்ற விடை 88ஆம் விதியிலிருந்து நேராக வருவது. ‘அது சட்டவிரோதம், எப்போதும் வரிசையில் நிற்க வேண்டும்’ என்பதுபோன்ற விடை ஒழுக்கமாகத் தோன்றும், அது தவறு. ‘பைக்குக்கு முன்னுரிமை உண்டு’ என்பதும் தவறு. சரியான விடை அநேகமாக எப்போதும் இவ்விரண்டுக்கும் நடுவில், பார்த்தல் அல்லது மெதுவாக்கல் சார்ந்ததாக இருக்கும். முக்கியமான விலக்கு கடவைப் பகுதி: அங்கே நடுவழி இல்லை, முந்தக் கூடாது என்பதுதான் விடை.

காணொளிப் பகுதியில் 14 துண்டுகள். அவற்றில் 13இல் வளரும் ஆபத்து ஒவ்வொன்று, ஒன்றில் மட்டும் இரண்டு. ஆபத்து வளரத் தொடங்கியதும் மவுஸை அழுத்தினால் 5 புள்ளி வரை கிடைக்கும், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். இங்கே இருப்பதற்கும் வளர்வதற்கும் உள்ள வேறுபாடு புரிந்திருக்க வேண்டும். எதிர்த் தடத்தில் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது, அதன் பின்னால் எங்கோ ஒரு ஒற்றை விளக்கு தெரிகிறது என்றால், அது இன்னும் வளராத ஆபத்து. அந்த விளக்கு வரிசையை விட்டு வெளியே வந்து, நடுக்கோட்டை நோக்கி உங்கள் தடத்துப் பக்கம் சாயத் தொடங்கும்போது நீங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து வளரத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான். வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்து, அதில் ஒரு காரின் மூக்கு எட்டிப் பார்ப்பதும் இதே வகை. விளக்கு முதலில் தெரிந்தபோது ஒருமுறையும், அது சாயத் தொடங்கியபோது ஒருமுறையும் அழுத்துவதில் தவறில்லை. பயத்தில் தாளம்போல அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அந்தத் துண்டுக்கு மொத்தமாகப் பூஜ்யம் விழும்.